புஷ்பா விட்ட ஒரு வரி

கனகராஜுக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அன்று வியாழக்கிழமை மாலை அவர் துடைத்த துடைப்பில் கண்ணாடியே தேய்ந்திருக்க வேண்டும். சோற்று மேசையில் தங்கை புஷ்பலதாவின் கைப்பேசி கிடந்தது. அதில் அவள் மலாயில் தட்டி வைத்திருந்த செய்தியை அவர் மூன்றாவது முறையாக வாசித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை புஷ்பலதாவுக்குக் கடைசி வேலை நாள். வயது அறுபதாகிவிட்டது. ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனையில் தொலைபேசி முகப்பில் இருப்பவள். நோயாளியின் மகன் அழைத்தாலும் சரி, அறுவைச் சிகிச்சை அறையிலிருந்து மருத்துவர் அழைத்தாலும் சரி, முதலில் கேட்பது அவள் குரல்தான். காலையில் "செலாமாட் பாகி" என்று அவள் எடுத்தால், அழைத்தவருக்குப் பாதி பதற்றம் அங்கேயே அடங்கிவிடும். யாராவது ஒரு வார்டில் மூச்சு நின்று கிடந்தால், கட்டடம் முழுக்க ஒலிபெருக்கியில் அறிவிப்பதும் அவள்தான். அப்போதும் அந்தக் குரல் ஏறாது, நடுங்காது. எந்த மாடி, எந்த அறை என்று தெளிவாக இரண்டு தரம் சொல்லி நிறுத்துவாள். தன் தங்கையைப் பற்றிப் பேசும்போது கனகராஜ் இதை யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை. கறிக்கடையில் சொல்லுவார், கோயில் வரிசையில் சொல்லுவார், கார் பட்டறையில் சொல்லுவார்.

கோல கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பிறந்த பிள்ளைகள் இருவரும். கனகராஜ் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்று லோரியில் ஏறிவிட்டார். தங்கையை மட்டும் நிற்க விடவில்லை. ஐந்தாம் படிவம் வரை பஸ்ஸில் அனுப்பிப் படிக்க வைத்தார். புஷ்பலதா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தோட்டம் விற்கப்பட்டதும் எல்லோரும் ஈப்போவில் உள்ள புந்தோங்குக்கு வந்தார்கள். அன்றிலிருந்து அண்ணன் வீட்டு முன்னறைதான் அவள் அறை.

"என்னங்க, அந்தப் போனக் குடுத்துருங்க. அவ அனுப்பணும்ல," என்றாள் குமுதா, கனகராஜின் மனைவி. ஃபிரிட்ஜிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டே சொன்னாள்.

"அனுப்பட்டும். நல்லா அனுப்பட்டும். ஊரே சிரிக்கட்டும்," என்றார் கனகராஜ்.

"நாளைக்குத்தான் அண்ணி அனுப்பணும். இன்னைக்கி அனுப்பிட்டா நாளைக்கி வேலைக்கிப் போறப்ப எல்லாரும் துக்க வீட்டுக்கு வந்த மாரி மொகத்த வச்சுக்கிட்டு நிப்பாங்க. காலையில டாக்டருங்க வார்டு சுத்தி முடிக்கட்டும், அப்பறம் போடுவேன். வேலை முடியற நேரத்துல போட்டா பாதிப் பேரு பாக்க மாட்டாங்க," என்றாள் புஷ்பலதா.

அவள் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள். செய்தி நீளமாக இருக்கக் கூடாது. தாதி மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே வாசிப்பாள், காவலாளி கேட்டைத் திறந்துகொண்டே வாசிப்பார். வாட்சாப்பில் நீளமாக எழுதினால் பாதியில் வெட்டி, மிச்சத்துக்கு ஒரு தட்டு தட்டச் சொல்லும். பாதிப் பேர் தட்ட மாட்டார்கள். ஆகவே விரல் படாமல் கண்ணிலேயே முடிய வேண்டும். ஆட்களின் பெயரைப் போட்டு நன்றி சொல்லக் கூடாது. பத்துப் பேர் பெயரைப் போட்டால் பதினொன்றாவது ஆள் மனம் சுருங்குவார். தான் போன பிறகு வேலைக்கு யாரை அழைக்க வேண்டும் என்பது கட்டாயம் இருக்க வேண்டும். குறை ஒன்றும் இருக்கக் கூடாது.

அவள் எழுதியதன் பொருள் தமிழில் இதுதான்:

"அனைவருக்கும் வணக்கம். நான் தொலைபேசி முகப்பு புஷ்பா. இன்று எனக்குக் கடைசி வேலை நாள். என் குரல் மட்டுமே தெரிந்தவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறேன். காவலர்கள், துப்புரவுப் பணியாளர்கள், தாதியர், மருத்துவர்கள் எல்லோரும் என்னிடம் பொறுமையாக இருந்தீர்கள். மிக்க நன்றி. புது ஆள் வரும்வரை காலை நேரத்தில் தேவன் எடுப்பார். நல்ல கெட்டிக்காரர், தயங்காமல் கேளுங்கள். மதியம் பேன்ட்ரியில் சாப்பாடு இருக்கும், எல்லோரும் வாருங்கள். என் சொல்லிலும் செயலிலும் தவறு இருந்தால் மன்னித்துவிடுங்கள். உங்களோடு நான் சாப்பிட்டதையும் குடித்ததையும் கடனில்லை என்று ஹலாலாக்கிவிடுங்கள். நலமாக இருங்கள்."

கனகராஜ் கண்ணாடியை மாட்டினார்.

"தேவன் கெட்டிக்காரனா?"

"கெட்டிக்காரன்தானே அண்ணே."

"யாரு கத்துக் குடுத்தா அவனுக்கு? வந்தப்ப எந்தப் பட்டன அமுக்கினா எந்த வார்டுன்னு தெரியாம முழிச்சான்னு நீதான் சொன்ன. அவன் பக்கத்துல ஒக்காந்து சொல்லிக் குடுத்தது நீ. சூப்பர்வைசர் போஸ்டு காலியானப்ப, அவன்கிட்ட டிப்ளோமா இருக்குன்னு அவனத் தூக்கி ஒம்மேல வச்சாங்க. இப்ப அவன் கெட்டிக்காரன்னு நீ எழுதிக் குடுக்கணும்!"

"அண்ணே, திங்கக்கிழமை காலையில ஒரு தாதி அவசரமாக் கூப்பிடுவா. புது கொரலு கேட்டதும் இவன்கிட்டச் சொல்லலாமா வேணாமான்னு யோசிச்சா நோயாளிக்குத்தான் கஷ்டம். அதுக்குத்தான் அந்த வரி. எனக்கும் தேவனுக்கும் உள்ளது வேற."

கனகராஜ் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாள்களை எடுத்தார். கோடு போட்ட நீளத் தாள், மூன்று பக்கம். மதியமெல்லாம் உட்கார்ந்து எழுதியது. இடது பக்கம் ஓரம் மடித்து, அடியில் தேதி போட்டு, ஒவ்வொன்றாக எண்ணிட்டு வைத்திருந்தார். உடைந்த நாற்காலியை மாற்றித் தராமல் அவளே மெத்தை வாங்கிப் போட்டு உட்கார்ந்தது. தொற்றுக் காலத்தில் மற்றவர்கள் வராதபோது இவள் மருத்துவமனையிலேயே தங்கி வேலை பார்த்தது. ஓய்வுக் கடிதத்தில் பெயருக்கு முன்னால் "என்சிக்" என்று போட்டு அவளை ஆணாக்கி அனுப்பியது. கடைசியாக, பிரிவுப் பரிசு என்று மருத்துவமனைச் சின்னம் போட்ட குடை ஒன்றைக் கொடுத்தது. ரத்த தானம் செய்ய வருகிறவர்களுக்கெல்லாம் கொடுக்கும் அதே பச்சைக் குடை.

புஷ்பலதா வாசித்தாள். இரண்டாம் பக்கத்திலேயே சிரிப்பு வந்துவிட்டது.

"இது என்ன அண்ணே, போலீஸ் ரிப்போட்டா?"

"சிரிக்காதலா. இதுல ஒரு வார்த்தை பொய் இருக்கா?"

"ஒண்ணும் பொய் இல்ல. அதுக்காகக் கல்யாண வீட்டுல மைக்கப் புடிச்சுக் கடன் கணக்குச் சொல்லுவாங்களா? நாளைக்கி அந்தப் போன எடுத்துப் பாக்குறது தேவன் மட்டும் இல்ல. கூட்டுற பாட்டி பாக்கும், வார்டுத் தாதி ரோஹானியும் பாப்பா. அவங்க என்ன செஞ்சாங்க எனக்கு?"

அது நியாயம்தான் என்று கனகராஜுக்குத் தோன்றியது. தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். ஆனால் விடவில்லை. விரலைத் திரையில் கடைசி வரிகளில் வைத்தார்.

"சரி. கொறை சொல்ல வேணாம். இதென்ன, மாஆஃப்? நீ யார்கிட்ட மன்னிப்புக் கேக்குற? எதுக்கு? அவங்க வீட்டுல நீ எப்ப சாப்பிட்ட, ஹலாலாக்கச் சொல்றதுக்கு?"

"இங்க போறவங்க எல்லாரும் அப்பிடித்தான் போடுவாங்க அண்ணே. பழக்கம்."

"அவங்க பழக்கம். நமக்கு எதுக்கு? சீனன் போறப்ப போடுறானா?"

"போடுறாங்களே. டாக்டர் லிம் போனப்ப அவரும் போட்டாரு."

கனகராஜ் எழுந்து நின்றுவிட்டார். குமுதா தண்ணீர்ப் போத்தலை மேசையில் வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். இந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியும். தோட்டம் விற்ற அன்று ஆப்பீஸ் முன்னால் வரிசை போட்டு நின்றார்கள். கனகராஜின் அப்பா தன் முறை வந்ததும் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "ஏதாச்சும் தப்புத் தண்டா செஞ்சிருந்தா மன்னிச்சுருங்க தொரை" என்றார். மேனேஜர் பேனாவை விட்டுத் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. பக்கத்தில் நின்ற கணக்கெழுதும் கிராணிதான் "போ, போ" என்று கையை ஆட்டினார். அவ்வளவு காலம் மரம் சீவிய மனுஷன் அவர். லோரிச் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு கனகராஜ் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நம்ம அப்பா கேட்டது போதும் புஷ்பா," என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "தப்பு செஞ்சவன் கேக்கட்டும். நீ கேக்காத. என் காலம் இருக்கற வரைக்கும் நீ கேக்காத."

புஷ்பலதா அண்ணன் முகத்தைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கைப்பேசியை வாங்கினாள். இரண்டு வரியையும் அழித்தாள். ஹலால் என்பதும் போனது, மாஆஃப் என்பதும் போனது.

"போதுமா?"

"இப்பத்தான் என் தங்கச்சி எழுதுன மாரி இருக்கு," என்றார் கனகராஜ்.

*

மறுநாள் சாப்பாடு கொண்டுபோகும் வேலை கனகராஜுடையது. அதிலும் அவருக்குக் கோபம். வேலையை விட்டுப் போகிறவளுக்கு அவர்கள் அல்லவா சாப்பாடு போட வேண்டும்? போகிறவள் போட்டுவிட்டுப் போவதாம். இதுவும் பழக்கமாம். ஆனாலும் செய்வதை ஒழுங்காகச் செய்கிற மனிதர். எல்லோரும் சாப்பிட வேண்டும் என்று தாவூத் பாய் உணவகத்தில் கோழி போட்ட மீகூன் சேமியாவும் கறிபாப் பலகாரமும் சொல்லியிருந்தார். தனியாக ஒரு சின்னத் தட்டில் கோழி இல்லாத மீகூன். அது யாருக்கு என்று தாவூத் கேட்டபோது கனகராஜ் பல்லைக் கடித்தார். புஷ்பலதா சொல்லி அனுப்பியிருந்தாள்: வெள்ளிக்கிழமை தேவன் சைவம், மறந்துவிடாதே என்று.

"ஒங்க தங்கச்சி மனசு யாருக்கு வரும் அண்ணே," என்றார் தாவூத், தட்டை நூலால் கட்டிக்கொண்டே.

"வரவே கூடாது பாய். இந்த மனசு வந்தவங்க யாரும் உருப்பட்டதில்ல," என்றார் கனகராஜ்.

தட்டுகளைப் பேன்ட்ரி மேசையில் வரிசையாக வைத்தார். கரண்டிகளைத் துடைத்தார். சைவத் தட்டின் மேல் ஒரு தாள் துண்டில் பெயர் எழுதி ஒட்டினார். கோபம் கோபந்தான், தட்டு மாறிவிடக் கூடாது. நேரம் ஆக ஆக இரண்டு மூன்று பேர் வந்தார்கள். தட்டில் கொஞ்சம் எடுத்தார்கள், "தெரிமா காசே அங்கிள்" என்று நன்றி சொன்னார்கள், நிற்காமல் போனார்கள். வார்டுப் பெண்கள் நால்வர் வாசலில் எட்டிப் பார்த்து, தங்களுக்குள் என்னவோ கேட்டுக்கொண்டு, சிரிக்காமலே நகர்ந்தார்கள். இத்தனை வருஷம் வேலை பார்த்தவளுக்கு இதுதானா கூட்டம் என்று கனகராஜுக்கு நெஞ்சு கொதித்தது. கண்ணாடியைக் கழற்றினார்.

அப்போதுதான் ஜைனப் வந்தாள். பணம் கட்டும் முகப்பில் இருப்பவள், தமிழ் முஸ்லிம் பெண். புஷ்பலதாவோடு வீட்டுக்கு வந்து போகிற பழக்கம் உள்ளவள்.

"கனகராஜ் அண்ணே, அக்காவுக்கு யார் மேல கோபம்?"

"அவளுக்கா? அவளுக்குக் கோபமே வராதும்மா. அதானே வியாதி."

"அப்பறம் ஏன் மாஆஃப் போடல? காலையில அக்கா செய்தி வந்துச்சு. எல்லாம் அழகா இருக்கு. கடைசியில அது இல்ல. ரோஹானி என்கிட்டதான் மொதல்ல கேட்டா, 'கக் புஷ்பா மராவோட, கோபத்தோட போறாங்களா'ன்னு. நானும் திரும்பத் திரும்பப் பாத்தேன். இல்லவே இல்ல. அதான் எல்லாரும் ஒரு மாரி இருக்காங்க. கோபமாப் போறவங்க சாப்பாட்ட எப்பிடி எடுத்துச் சாப்பிடறதுன்னு வார்டுல பேசுறாங்க. தேவனுக்கு மொகமே செத்துப்போச்சு. காலையில இருந்து பச்சத் தண்ணி குடிக்கல."

கனகராஜ் எரிந்து விழுந்தார். "ஏம்மா, ஞாயம் பேசு! யாரு யார்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்? அவனுக்கு மொகம் செத்துப்போச்சுன்னா அவன் வந்து கேக்கட்டும்!"

"எப்பிடிக் கேப்பான்?" ஜைனப் கறிபாப் தட்டைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு மேசையில் சாய்ந்தாள். "அண்ணே, மாஆஃப்னா ஒரு ஆளு கேக்குறது இல்ல. போறவங்க மொதல்ல கேப்பாங்க. ஒடனே இருக்கறவங்க எல்லாம் 'நாங்களும்தான், எங்களையும் மன்னிச்சுருங்க'ன்னு போடுவாங்க. தப்பு செஞ்சவன், செய்யாதவன் எல்லாம் ஒரே வரியில. அந்தக் கூட்டத்துக்குள்ள நிஜமாவே தப்பு செஞ்சவனும் தலைகுனியாமச் சொல்லிருவான். சொல்ல முடியாதவங்களுக்குத்தான் அந்த வாசல். அக்கா அதத் தொறக்காமப் போனா தேவன் எந்தப் பக்கமா உள்ள வருவான்?"

கனகராஜ் கண்ணாடியை மாட்டினார். அப்பா கேட்டபோது மேனேஜர் திருப்பிச் சொல்லவில்லை. அதை மட்டும்தான் அவர் இத்தனை காலம் மன்னிப்பு என்று நினைத்திருந்தார். திருப்பிச் சொல்லும் வழக்கம் ஒன்று இருக்கும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. புஷ்பலதா சொல்ல வாயெடுத்தாள். இவர்தான் விடவில்லை.

"சரி, இப்ப போட்டுரலாம்ல? அந்தச் செய்தியிலயே சேத்துட்டா?"

"திருத்த முடியாது அண்ணே. அனுப்பிக் கொஞ்ச நேரத்துக்குத்தான் அது விடும், காலையிலயே முடிஞ்சிருச்சு."

"அழிச்சுட்டுப் புதுசாப் போடச் சொல்லு."

"அய்யய்யோ, அது இன்னும் மோசம். 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது'ன்னு அந்த எடத்துல நிக்கும். என்னத்தத் திட்டி எழுதுனாங்களோன்னு பாக்காதவனும் கேப்பான். அப்பிடியே விட்டுட்டு, கீழ இன்னொண்ணு போட்டாப் போதும். 'காலையில ஒண்ணு விட்டுப்போச்சு'ன்னு. சாதாரணமா."

கனகராஜ் விறுவிறுவென்று தொலைபேசி முகப்புக்குப் போனார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் புஷ்பலதா காதில் கருவி மாட்டிக்கொண்டு யாருக்கோ வருகை நேரம் சொல்லிக்கொண்டிருந்தாள். அழைப்பு முடிந்ததும் தடுப்புத் துவாரத்தில் குனிந்தார்.

"அந்த வரியப் போட்டுரு புஷ்பா."

அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கைப்பேசியைத் திருப்பிக் காட்டினாள். குழுவில் எழுதும் இடத்தில் எழுத முடியாது என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி. குழுவை நடத்துகிறவர் நிர்வாகப் பிரிவு அஸ்ஹார். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போகும் முன்பு அன்றைய வேலையை முடித்துக்கொண்டு போகிற பழக்கம் அவருக்கு. அன்று விலகுகிறவர்களை நீக்குவதும் அந்த வேலையில் ஒன்று. முடித்துவிட்டுப் போயிருந்தார்.

"நீ இன்னும் வேலையில இருக்க! போன் எடுத்துக்கிட்டு இருக்க! அதுக்குள்ள வெளிய தள்ளிட்டானா? கொஞ்சமாச்சும் மட்டு மருவாதி வேணாம்? எங்க அவன்?"

"சத்தம் போடாத அண்ணே, உள்ள நோயாளிங்க இருக்காங்க. அவரு வேணும்னு செய்யல. தொழுகைக்கிப் போனா திரும்ப வர நேரமாகும்னு செஞ்சுட்டாரு." அவள் குரல் எப்போதும் போலவே இருந்தது. ஆனால் கண் அவரைப் பார்க்கவில்லை. "குடைக்கி எனக்கு வருத்தம் இல்ல அண்ணே. போஸ்டுக்குக்கூட அப்பவே மனசு ஆறிருச்சு. அந்த ஒரு வரிதான் எனக்கு வேணும்னு இருந்துச்சு. தேவன் தெனமும் வந்து பேசாம நிப்பான், போயிருவான். இன்னைக்காச்சும் அவனும் நானும் அத முடிச்சுக்குவோம்னு நெனச்சேன். நீ கேட்டேன்னு விட்டேன்."

அழைப்பு விளக்கு எரிந்தது. அவள் பட்டனை அமுக்கினாள். "செலாமாட் தெங்கா ஹாரி, போலே சாயா பந்து?" என்று அழைத்தவருக்கு மதிய வணக்கம் சொல்லி, என்ன உதவி வேண்டும் என்று கேட்டாள்.

கனகராஜ் அங்கேயே நின்றார். திட்டுவதற்கு எதிரே யாரும் இல்லை.

பேன்ட்ரிக்குத் திரும்பினார். சைவத் தட்டை எடுத்தார். தேவன் எங்கே என்று ஜைனபிடம் கேட்டார். பின்பக்கப் படிக்கட்டு என்று கை காட்டினாள்.

தேவன் முப்பது தாண்டிய ஆள், இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அட்டை. படியில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவன் சட்டென்று எழுந்தான்.

"அங்கிள்..."

"ஒக்காரு. சாப்பிடு. சைவந்தான்." தட்டைப் பக்கத்தில் வைத்தார்.

"அக்காவுக்கு என் மேல ரொம்பக் கோபமா அங்கிள்?"

கனகராஜின் சட்டைப் பையில் மூன்று பக்கமும் அப்படியே இருந்தது. அதில் ஒரு எண்ணில் இவன் பெயர் இருந்தது. அதைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் இனி வராது. நாக்கு நுனி வரை வந்தது.

"கோபம் எனக்கு," என்றார். "நல்லாவே இருக்கு. அத அப்பறம் பாப்போம். அவளுக்கு இல்ல. அவ மாஆஃப் எழுதித்தான் வச்சிருந்தா. வேணாம்னு அழிக்கச் சொன்னது நான். இப்பப் போடலாம்னா அவள வெளிய தள்ளிட்டாங்க. நீ உள்ளதான இருக்க? அவளுக்காக நீ போடு."

"நானா?"

"ஒனக்குத்தான் டிப்ளோமா இருக்கே. எழுது."

தேவனுக்குச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. கைப்பேசியை நிமிர்த்தினான். கனகராஜ் சொல்லச் சொல்லத் தட்டினான். கக் புஷ்பா இப்போது குழுவில் இல்லாததால் அவருக்காக இதைத் தெரிவிக்கிறேன். காலைச் செய்தியில் ஒன்று விட்டுப்போய்விட்டது. என் சொல்லிலும் செயலிலும் தவறு இருந்தால் மன்னித்துவிடுங்கள்.

"நிறுத்து. வாசி."

தேவன் வாசித்தான்.

"'தெரிவிக்கிறேன்' முடிஞ்ச எடத்துல புள்ளி வச்சியா? வை. ஹலால் எங்க? சாப்பிட்டது, குடிச்சது. அதையும் சேரு. அதுவும் அவ எழுதுனதுதான்."

சேர்த்தான். மறுபடி வாசிக்கச் சொன்னார். மூன்றாம் முறை வாசித்த பிறகுதான் தலையசைத்தார். அனுப்பினான்.

கனகராஜ் கண்ணாடியைக் கழற்றுவதற்குள் முதலாவது வந்தது. ரோஹானி: நாங்களும்தான் கக், எங்களையும் மன்னித்துவிடுங்கள். பிறகு மருந்தகம். பிறகு இரவுக் காவலாளி, தூக்கத்திலிருந்து எழுந்து போட்டிருக்க வேண்டும். முகமே பார்த்திராத எக்ஸ்ரே பிரிவு ஆள், "அந்தக் குரலைத் தேடுவோம்" என்று. கைப்பேசி தேவன் கையில் துள்ளிக்கொண்டே இருந்தது.

தேவன் அதைப் பார்த்தபடி இருந்தான். பிறகு கனகராஜ் ஒன்றும் சொல்லாமலே தட்டத் தொடங்கினான். அழித்தான், மறுபடி தட்டினான். அனுப்பிவிட்டு, திரையை அவர் பக்கம் திருப்பினான்.

"கக் புஷ்பா, எனக்கு இந்த வேலையைச் சொல்லிக் கொடுத்தது நீங்கள். அதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் நான் மேலிடத்தில் சொல்லவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள்."

எல்லோரும் பார்க்கிற குழுவில், பெயர் போட்டு. கனகராஜ் இரண்டு முறை வாசித்தார். புள்ளிகளெல்லாம் சரியாக இருந்தன.

"போதாது," என்றார். "ஆனா சரி. சாப்பிடு, ஆறிப்போச்சு. போனக் குடு."

கைப்பேசியை எடுத்துக்கொண்டு முகப்புக்குப் போனார். புஷ்பலதா ஒரு அழைப்பில் இருந்தாள். திரையைக் கண்ணாடித் தடுப்பில் ஒட்டிப் பிடித்து, விரலால் மெல்ல மேலே தள்ளிக்கொண்டே வந்தார். அவள் வாய் எதிர்முனைக்கு மருத்துவரின் அறை எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தது. கண் திரையில் ஓடியது. தேவனின் வரி வந்த இடத்தில் கையைத் தூக்கினாள், நிறுத்து என்று. அவர் நிறுத்திப் பிடித்தார். அவள் வாசித்தாள். குரல் ஏறவில்லை, நடுங்கவில்லை. அறை எண்ணை இரண்டாம் தரம் தெளிவாகச் சொல்லி, அழைப்பை மாற்றிவிட்டாள். பிறகுதான் காதுக் கருவியைக் கழற்றி, முகத்தைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டாள்.

பேன்ட்ரியில் மீகூன் ஒரு இழை மிஞ்சவில்லை. வேலை முடிந்து அவள் வெளியே வந்தபோது வாசல் வரை கூட்டம் வந்தது. தேவன் அவள் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். "நல்லா இருப்பா" என்று அவள் சொன்னாள். "சரி அக்கா" என்றான். அவ்வளவுதான் பேசினார்கள்.

கார் நிற்கும் இடத்துக்குப் போவதற்குள் ஈப்போ மழை பிடித்துக்கொண்டது. புஷ்பலதா அந்தப் பச்சைக் குடையை விரித்தாள்.

"வா அண்ணே, உள்ள."

"அந்தக் கொடைக்குள்ளயா? நா நனைஞ்சே வாரேன்."

"சளி புடிக்கும்லா."

"புடிக்கட்டும். இத்தன வருஷம் கொரல் குடுத்தவளுக்கு ரத்தம் குடுக்க வாறவன் கொடை! அந்த அஸ்ஹாருக்கு நா போன் போட்டுக் கேக்கத்தான் போறேன். வேலை முடியறதுக்கு முன்னாடி எப்பிடி ஒருத்தர வெளிய தள்ளலாம்? எந்தச் சட்டத்துல இருக்கு?"

"யாரு எடுத்து மாத்திவிடுவா அந்தப் போன? இனிமே நா அங்க இல்லையே."

"தேவன் எடுப்பான். கெட்டிக்காரன்தானே?"

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. மழையில் விறைத்து நடந்தார். அவள் குடையைச் சாய்த்து அவர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். அவர் அதைத் தள்ளிவிடவும் இல்லை, அதற்குக் கீழே இருப்பதாக ஒப்புக்கொள்ளவும் இல்லை.